மேலே கொட்டமாட்டோம்

என் வீட்டுக்காரர் தண்ணீரில் முங்கிச் செத்தபோது குடகனாற்றில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. இதைச் சொன்னால் யாருக்கும் விளங்குவதில்லை. கடலில் சங்கு குளித்த மனிதர், திண்டுக்கல் பக்கத்து மணலாற்றில் எப்படிச் சாவார் என்றுதான் கேட்பார்கள். அவருடைய அப்பாவும் அதைத்தான் கேட்டார். செய்தி கேட்டுத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்றைப் பார்த்துவிட்டு, "இதுலயா?" என்றார். அப்புறம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் அப்பாவும் அந்தக் கடற்கரைக்காரர்தான். இளவயதிலேயே திண்டுக்கல்லுக்கு வந்து சந்தைப்பேட்டைப் பக்கம் கருவாட்டுக் கடை வைத்தார். நான் இங்கேதான் பிறந்தேன், இங்கேதான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆசிரியைப் பயிற்சி முடித்த வருஷம் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கடலில் முங்கும் குளியாளாக இருந்த அவரை ஒரு காண்டிராக்டர் பாலம் கட்டும் வேலைக்குக் கூட்டிப்போய், பித்தளைத் தொப்பி மாட்டி முங்குவதற்குப் பழக்கியிருந்தார். ரப்பர் உடுப்பு, ஈயத்தில் அடிபோட்ட கனத்த செருப்பு, தலையை மூடும் பித்தளைத் தொப்பி, அதற்குக் காற்றுக் குழாய். மேலே இரண்டு பேர் பம்புச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனையை அவருடைய தம்பி, அவரும் குளியாள்தான், பிடித்திருப்பார். வேறு யாரையும் பிடிக்க விடமாட்டார்.

குடகனாற்றுக்குப் பாலம் கட்டும் வேலை வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தவர், இனி சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார். பாப்பாவுக்கு அப்போது நடை பழகும் வயது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளைத் தோளில் வைத்துக்கொண்டு போவார். கோயிலில் பாட்டுப் படிக்கும்போது அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். தொப்பிக்குள் இருந்து இருந்து காது மந்தமாகிவிட்டது, அதனால் கத்திப் பாடுவார். பக்கத்தில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். "செத்த மெதுவா," என்று இடித்தால், "ஏளா, சாமிக்கும் காது கேக்கணும்லா," என்பார்.

ஆற்று மணலில் தூண் நிற்க வேண்டுமானால் கீழே பாறை வரைக்கும் போக வேண்டும். அதற்காக மணலின் மேல் வட்டமாகச் சுவர் எழுப்புவார்கள். பார்த்தால் உறைகிணறு மாதிரி இருக்கும், ஆனால் ஒரு வீடே உள்ளே போகிற அகலம். சுவரின் அடியில் சுற்றிலும் கூரான இரும்பு விளிம்பு. உள்ளேயிருந்து மணலை அள்ள அள்ளக் கிணறு தன் பாரத்தில் கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே சுவரை உயர்த்துவார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடாவிட்டாலும் மணலுக்கடியில் தண்ணீர் இருக்கிறதே, அது கிணற்றுக்குள் வந்து நிற்கும். எங்கேயாவது பாறாங்கல்லோ மரமோ விளிம்புக்கடியில் மாட்டினால் கிணறு இறங்காமல் ஒரு பக்கமாகச் சாயும். அப்போதுதான் இவரை முங்கச் சொல்வார்கள்.

ஆவணி மாதம் நடுக் கிணறு அப்படி மாட்டிக்கொண்டது. பாறையைத் தொடப்போகிற நேரம், ஒரு பக்கம் மட்டும் பெரிய உருட்டுக்கல் ஒன்றின் மேல் விளிம்பு உட்கார்ந்துவிட்டது. இவர் விளிம்புக்கடியில் தோண்டி, உடம்பை வெளிப்பக்கமாக நுழைத்து, கடப்பாறையால் கல்லை நெம்பியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறுகிறேன் என்று கயிற்றை ஆட்டிச் சொன்னாராம். அப்போது கல் நழுவிவிட்டது. கிணறு சட்டென்று இறங்கியது. வெளிப்பக்கத்து மணல் அடிவழியாக உள்ளே பாய்ந்தது. பம்பு சுற்றியவர்களின் கைக்குச் சக்கரம் திரும்பவில்லை. என் கொழுந்தன் கயிற்றை இழுத்தார். பதிலுக்கு ஒரு அசைவும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கொழுந்தன் முங்கிக்கொண்டிருந்தார். வேறு தொப்பி கொண்டுவரும் வரை காத்திருக்காமல் வெறும் மூச்சோடு முதலில் முங்கியிருக்கிறார். மூக்கில் ரத்தம். என்னைப் பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டார். அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் கையாலும் வாளியாலும் மணலை அள்ளினார்கள். மணல் அள்ளும் இரும்புக் கொண்டியை இறக்கினால் சீக்கிரம் முடியும். அது எதை அள்ளும் என்று தெரியாது என்பதால் கொழுந்தன் விடவில்லை. தண்ணீரை இறைத்துப் பார்க்கலாம் என்று பம்பு வைத்தார்கள். உள்ளே தண்ணீர் கொஞ்சம் இறங்கியதுமே அடியிலிருந்து மணல் கொதித்துக்கொண்டு மேலே வந்தது, கிணறு அசைந்தது. எஞ்சினியர் பம்பை நிறுத்தச் சொன்னார். வெளியே தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு உள்ளேயும் தண்ணீர் நின்றால்தான் மணல் அடங்கி இருக்கும் என்றார்.

அப்புறம் ஒரு நாள் கொழுந்தன் மேலே வந்து, தொப்பியைக் கழற்றி, நேரே என்னிடம் வந்தார். நான் கரையில் கருவேல மரத்து நிழலில் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மாமனார்.

"அண்ணனத் தொட்டுட்டேன் மதினி," என்றார்.

நான் எழுந்தேன்.

"கால் ரெண்டும் உள்ளாற இருக்கு. முழங்கால் வரைக்கும். மிச்சம் விளிம்புக்கு அந்தப் பக்கம். கிணறு அண்ணன் மேலதான் உக்காந்திருக்கு."

அந்தக் கிணற்றைத் தூக்க எந்த மிஷினாலும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். மாமனாருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் கேட்டார்: "வெளிப்பக்கமாத் தோண்டினா?"

"தோண்டத் தோண்ட மணல் வந்து விழுது. கிணறு இன்னும் சாஞ்சிரும்னு எஞ்சினியர் சொல்றாரு."

மாமனார் என்னைப் பார்க்காமல் மகனிடம் சொன்னார்: "வர்றத எடுத்துட்டு வா. நம்ம கல்லறையில வைக்க ஏதாவது வேணும். அவன் ஆத்தாகிட்ட நான் வெறுங்கையோட போக முடியாது."

அவர் என்ன சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கொழுந்தனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் எழுத முடியவில்லை. அப்பா சொன்னால் செய்கிற பிள்ளை அவர். என்னைப் பார்த்தார்.

"வேண்டாம் மாமா," என்றேன். மாமனாரிடம் நான் அதுவரை நிமிர்ந்து பேசியதே இல்லை. "அவரு முழுசா இருக்கட்டும். எங்க இருந்தாலும் முழுசா இருக்கட்டும்."

"நம்ம மண்ணுக்கு வெளிய, மந்திரிச்ச எடத்துக்கு வெளிய, ஆத்துல கெடக்கட்டுங்கியா?"

"அவரு உடம்புல யாரும் கத்தி வைக்கக் கூடாது மாமா. இவரு கையால அது வேண்டாம்."

மாமனார் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. என் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பாப்பாவுக்குப் பால் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எஞ்சினியர் எங்களைப் பார்க்க வந்தது மறுநாள் காலை. ஒல்லியான மனிதர், பழனிப் பக்கத்துக்காரர், பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒரு வரி வராது. எங்கள் எதிரே மணலில் உட்கார்ந்தார். ஐப்பசி வந்துவிட்டால் ஆறு வரும், அதற்குள் கிணற்றின் அடியைக் கான்கிரீட் போட்டு அடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளம் அடியை அரித்துக் கிணற்றையே சாய்த்துவிடும் என்றார். சொல்லி முடிக்க அவருக்குச் சிரமமாக இருந்தது.

"அப்ப அவரு மேல கொட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

நான் பார்த்திருந்த கான்கிரீட் எல்லாம் சட்டியிலிருந்து கொட்டுவதுதான். ஜல்லியும் மணலும் சிமெண்டும் தொப்பென்று விழும் சத்தம் எனக்குத் தெரியும். அத்தனை உயரத்திலிருந்து, அந்த இருட்டுத் தண்ணீரில், அவர் கால்மேல் அது விழுவதை நான் முந்தின நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். தூங்கினாலும் அந்தச் சத்தம் கேட்டது. செத்தவருக்கு வலிக்காது என்று அம்மா சொன்னாள். எனக்கு வலித்தது.

"கொட்டமாட்டோமுங்க," என்றார் எஞ்சினியர். "கொட்டவும் கூடாதுங்க. தண்ணிக்குள்ள மேலருந்து கொட்டினா சிமெண்டு முழுக்கக் கரைஞ்சு போயிரும். வெறும் ஜல்லிதான் அடியில போய்ச் சேரும். அதனால ஒரு குழாய் இறக்குவோமுங்க."

அவர் ஒரு குச்சியை எடுத்து மணலில் கிணறு மாதிரி வரைந்தார். நடுவில் ஒரு நீளக் கோடு. அதன் தலையில் ஒரு புனல்.

"இதுக்கு டிரெமின்னு பேருங்க. குழாய் அடி வரைக்கும் போய்ப் பாறையில நிக்கும். குழாய்க்குள்ளயும் தண்ணி இருக்குமில்லீங்களா, அந்தத் தண்ணியும் கலவையும் கலக்காம இருக்க, புனல் வாயில சாக்குப் பந்து ஒண்ண இறுக்கமா வெச்சு, அதுக்கு மேல கலவையப் போடுவோமுங்க. புனல் நெறைஞ்சதும் பந்த விடுவோம். கலவையோட பாரம் பந்தையும் தண்ணியையும் கீழ தள்ளிட்டுப் போகும். குழாய ஒரு சாண் தூக்குவோம். பந்து வெளிய போயிரும், கலவை பின்னாடியே வந்து குழாய் வாயச் சுத்திக் குமியும். குழாய் வாய் அந்தக் குமியலுக்குள்ள பொதைஞ்சிரணுமுங்க. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அந்த வாய் கலவைக்குள்ளயேதான் இருக்கும். வெளிய வரவே கூடாது."

"அப்புறம்?"

"புதுசாப் போற கலவை, முன்னாடி போனதுக்கு உள்ளதான் போகும். முன்னாடி போனது மேல ஏறும். அதோட மேல்பக்கம் மட்டுந்தான் தண்ணியத் தொடும். கிணத்து அகலம் முழுக்க அடியிலருந்து மெல்ல மெல்லப் பொங்கி வருமுங்க. எதுவும் விழாது. தண்ணிகூட அதிகம் அலம்பாது. அவரு இருக்கற பக்கம் அதுவாத்தான் போய் அணைக்கும்."

'அணைக்கும்' என்ற சொல்லை அவர் வேண்டுமென்று சொன்னாரா, வேலைக்காரர்கள் பேச்சில் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மாமனார் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். ஆறு காவு கேட்டது, காண்டிராக்டர் கொடுத்துவிட்டார் என்றார்கள். கருவாடு வாங்க வந்த ஒருத்தி என் அம்மாவிடமே அதைச் சொன்னாள். அம்மா அவளுக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து அழுதாள்.

கான்கிரீட் போடும் நாள் காலையில் பங்குச் சாமியார் வந்தார். மரப்பலகை மேடையில் நின்று, கிணற்றுத் தண்ணீரின் மேல் தீர்த்தம் தெளித்து, அடக்கப் பூசையின் செபங்களைச் சொன்னார். சித்தாள் பெண்கள், பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்து இந்துப் பெண்கள், முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு மிக்சர் சுற்ற ஆரம்பித்தது. பெண்கள் வரிசை கட்டினார்கள். கை மாற்றிக் கை சட்டி புனலுக்குப் போனது.

புனல் இன்னும் முழுக்க நிரம்பவில்லை. மேஸ்திரிக்குப் பதற்றம். அன்றைக்கு எல்லாருக்குமே பதற்றம்தான். பந்தைப் பிடித்திருந்த கம்பியை அவர் அவிழ்த்துவிட்டார். கலவை சர்ரென்று இறங்கியது. இறங்கினது போதவில்லை. குழாய் வாய் மூடுகிற அளவுக்குக் குமியல் சேரவில்லை. கீழேயிருந்து தண்ணீர் குழாய்க்குள் ஏறி, புனலில் குபுக்கென்று பொங்கியது. கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் வெளுத்துக்கொண்டு வந்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. சிமெண்டு கரைந்து மேலே வருகிறது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை.

எஞ்சினியர் கையை உயர்த்தினார். மிக்சர் நின்றது. பெண்கள் கையில் சட்டியோடு அப்படியே நின்றார்கள்.

மேஸ்திரி புனல் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். எஞ்சினியர் அவரைத் திட்டவில்லை. கொழுந்தனிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். கொழுந்தன் தலையசைத்தார். அடியில் இப்போது சிமெண்டு இல்லாத வெறும் ஜல்லி கிடக்கிறது, அதன் மேல் கான்கிரீட் போட்டால் பிடிக்காது, அதை அள்ளி எடுக்க வேண்டும். வேறு குளியாள் தூத்துக்குடியிலிருந்து வர நாளாகும்.

"நான் போறேன்," என்றார் கொழுந்தன்.

அன்றைக்கு அவருக்குக் கயிறு பிடிக்க ஆளில்லை. காலையில் அந்தக் கவலையே யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் அவர் முங்குவதாக இல்லை. மாமனார் மணலை விட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். "குடு," என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். ஒரு பிள்ளையை விழுங்கின கிணற்றில் இன்னொரு பிள்ளையை இறக்கிவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அவர் நின்ற கோலத்தைப் பார்க்க முடியாமல் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கரைப்பக்கம் போய்விட்டேன்.

வாளி வாளியாக ஜல்லி மேலே வந்தது. கழுவின ஜல்லி, பொட்டுச் சிமெண்டுகூட இல்லை. பொழுது சாயும் நேரத்தில் கொழுந்தன் மேலே வந்தார். உடுப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார். கை விரல் நுனியெல்லாம் தேய்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"காலச் சுத்திக் கெடந்த கல்ல எல்லாம் எடுத்துட்டேன் மதினி. ஒண்ணு விடாம."

"சரி."

"ஒரு செருப்புல வாரு அவுந்து கெடந்துச்சு. கட்டிட்டு வந்தேன்."

அதுவரை நான் அவர் முன்னால் அழுததில்லை. அவரும் என் முன்னால் அழுததில்லை.

மறுநாள் மறுபடியும் போட்டார்கள். புதுச் சாக்குப் பந்து, இறுக்கிச் சுற்றியது. குழாயின் மூட்டுகளைத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். புனலுக்கு மேலே பலகையால் ஒரு தொட்டி அடித்து, அதையும் நிரப்பின பிறகுதான் விடுவது என்று எஞ்சினியர் முடிவு செய்திருந்தார். புனலில் முதல் சட்டியைத் தானே போட வேண்டும் என்று மாமனார் கேட்டுக்கொண்டார். எங்கள் வழக்கத்தில் குழியில் முதல் கைப்பிடி மண் வீட்டுப் பெரியவர் போடுவது. யாரும் மறுக்கவில்லை. தள்ளாடித்தான் தூக்கினார், ஒரு பெண் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை பந்து போனதும் கலவை இறங்கிக்கொண்டே இருந்தது. புனல் காலியாகிவிடாதபடி பெண்கள் ஓடினார்கள். கிணற்றுத் தண்ணீர் சுவரின் மேல்மட்டம் வரை உயர்ந்து, வெளியே வைத்திருந்த வாய்க்கால் வழியாக மெல்ல வழிய ஆரம்பித்தது. கலங்கவில்லை. எஞ்சினியர் வழிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி என்னிடம் வந்து காட்டினார். தெளிவாக இருந்தது.

வேலை நிற்கவே இல்லை. நிறுத்தினால் குழாய்க்குள் கலவை இறுகிவிடும். பெண்கள் சாப்பிடுவதற்குப் பாதிப் பாதியாகப் போய் வந்தார்கள். கொழுந்தன் ஈயக் குண்டு கட்டின கயிற்றை அடிக்கடி இறக்கி, கான்கிரீட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வார். அதற்குத் தக்கபடி இரும்புக் கயிறு சுற்றும் விஞ்சால் குழாயைச் சிறிது சிறிதாகத் தூக்குவார்கள். மத்தியானத்துக்கு மேல் கலவை குழாயில் இறங்காமல் நின்றுவிட்டது. விஞ்சுக்காரர் ஒரேயடியாகத் தூக்கப் பார்த்தார். "தூக்காத," என்றார் கொழுந்தன். "வாய் வெளிய வந்துரும். ஒரு சாண் மட்டும் தூக்கு, ஒடனே விடு." அப்படிச் செய்ததும் உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி சத்தம் கேட்டது. புனல் இறங்கியது. பெண்கள் மறுபடி சட்டியை எடுத்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி, சின்னாளப்பட்டிப் பக்கத்துக்காரி, என்னிடம் வந்து, "தாயி, நீயும் ஒரு சட்டி போடு," என்றாள். நான் மாட்டேன் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் குந்தி என் முழங்காலைத் தொட்டுவிட்டு வரிசைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானே போனேன். சட்டி நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. புனலில் சாய்த்தேன். அது சத்தமில்லாமல் மற்றதோடு சேர்ந்து கீழே போனது.

இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. குழாயை உருவினார்கள். கிணற்றில் தண்ணீர் மட்டும் தெரிந்தது, காலையில் இருந்த மாதிரியே.

கான்கிரீட் இறுகின பிறகு தண்ணீரை இறைத்தார்கள். இந்தத் தடவை மணல் வரவில்லை, அடி அடைபட்டுவிட்டது. கிணறு முழுக்க மணலை நிரப்பி மூடுவதற்கு முன்னால் எஞ்சினியர் ஆள் அனுப்பினார். விருப்பமிருந்தால் வந்து பார்க்கலாம் என்றார். நானும் கொழுந்தனும் போனோம். விஞ்சில் கட்டின மரப்பெட்டியில் எங்களை இறக்கினார்கள். போகப் போகக் குளிர்ந்தது. மேலே வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியது.

அடி சாம்பல் நிறத்தில் ஈரமாக இருந்தது. ஒரு ஆள் சுத்தியலும் உளியும் வைத்து மேலே பொருக்குத் தட்டியிருந்த மாவு மாதிரியான பகுதியைக் கொத்தி வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓரமாக நின்றான்.

"அது என்னது?" என்று கொழுந்தனிடம் கேட்டேன்.

"முதல்ல போனது மதினி. தண்ணியத் தொட்டுக்கிட்டே மேல வர்றதுனால பலம் இருக்காது. கொத்தி எடுத்துருவாங்க."

மாமனார் போட்ட சட்டி அதில்தான் இருந்திருக்கும். வெளியே மணல்மேட்டில் கொட்டிக் கிடந்த குப்பையோடு அதுவும் போயிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் இதை மாமனாரிடம் சொன்னதில்லை. அவர் சாகும் வரை, தன் மகனுக்கு முதல் மண் தான் போட்டதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் ஒரு ஓரத்தைக் காட்டினார். சுவரோடு ஒட்டின இடம். மற்ற இடத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் அங்கே உட்கார்ந்தேன். கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. செபம் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. பாப்பாவுக்குக் கடைவாய்ப்பல் முளைத்ததை, அம்மாவுக்குக் கால் வீங்கியிருப்பதை, எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் போலிருப்பதைச் சொன்னேன். அவருக்குக் காது மந்தம் என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கொழுந்தனும் அந்த உளிக்காரனும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். மேலேயிருந்து பெட்டியை ஆட்டிக் கூப்பிடும் வரை பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அந்த இடத்தை யாரும் பார்த்ததில்லை. மணல் நிரப்பி, மூடி போட்டு, அதன்மேல் தூண் எழுப்பினார்கள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போனார்கள். எனக்குப் போக இடமில்லை. கொழுந்தன் வந்து ஆற்றுக்குக் கூட்டிப்போனார். மழை பெய்து ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுத் தூண், கொஞ்ச உயரமே எழும்பியிருந்தது, அதைச் சுற்றித் தண்ணீர் சுழித்தது. கிட்டப் போக வழியில்லை. கரையில் ஏற்றிய மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. மூன்று தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். கொண்டுபோன சாமந்திப்பூவை ஆற்றில் போட்டேன். அது தூண் பக்கம் போகாமல் வேறு பக்கமாகப் போயிற்று.

கொழுந்தன் அதன் பிறகு முங்கவில்லை. எங்கள் அப்பாவின் கடையிலேயே வேலைக்கு இருந்துவிட்டார். கருவாட்டு மூட்டை வாங்கத் தூத்துக்குடிக்குப் போய் வருவார், ஆனால் கடலில் இறங்கமாட்டார், கால்கூட நனைக்கமாட்டார் என்று மாமனார் சொல்வார். இரண்டு வருஷம் போன பிறகு சொந்தக்காரர்கள் எங்கள் இருவரையும் சேர்த்துவைக்கலாம் என்று பேச்செடுத்தார்கள். சாமியாரும் தடையில்லை என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கொழுந்தன்தான் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு வந்து வாசலில் நின்று சொன்னார்.

"மதினி, நான் அண்ணன் காலத் தொட்டுட்டு வந்தவன். உங்க மொகத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நெனப்பு வருது. என்னால ஆகாது."

"சரி தம்பி," என்றேன். கோபம் வரவில்லை. அவர் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை.

பாலம் திறந்த பிறகு பள்ளிக்கூட வேலையாக எத்தனையோ தடவை அதன் மேல் பஸ்ஸில் போயிருக்கிறேன். நடுப் பாலம் வரும்போது சிலுவை போட்டுக்கொள்வேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் பஸ் வேகமாகப் போகிறதென்று பயப்படுகிறேனாக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். பாப்பாவிடம் சின்ன வயதில் எதையும் சொல்லவில்லை. ஆற்றில் பாலம் கட்டும்போது தவறிப்போனார் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அவள் மேல் வகுப்புக்குப் போன பிறகு, பாடப் புத்தகத்தில் பாலத்துக்குக் கிணறு இறக்குவதைப் பற்றி ஏதோ படித்துவிட்டு வந்து, அப்பா அப்படி ஒரு கிணற்றில்தான் போனாரா என்று நேரடியாகக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். முழங்காலை, செருப்பு வாரை, தாத்தாவின் முதல் சட்டியை, எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை. "எந்தத் தூண்?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது காட்டினேன். அவள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம். பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து பார்த்தாள். அங்கிருந்து தூணின் தலை மட்டுமே தெரியும். ஒரு லாரி போனது, பாலம் காலடியில் லேசாக அதிர்ந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இந்த அதிர்வு கீழ வரைக்கும் போகுமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். இன்னும் இரண்டு லாரி போகும் வரை அங்கேயே நின்றோம். பிறகு, தலை வலிக்கிறது என்றாள். நிழலே இல்லாத அந்த ரோட்டில், அடுத்த பஸ் வரும் வரை அவள் தலைக்கு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.